உள்ளே உருக்கு ரொட் இருந்தும் வெளிக்குழாய் ஏன் நசிகிறது?

சுன்னாகம்_கராஜ்:
எல்லாருக்கும் வணக்கம். லாண்ட்மாஸ்டர், ட்ராக்டர் வேலைகளுக்கு புஷ் கழற்றிப் போடுவதற்கு என்னிடம் ஒரு சின்ன ஹைட்ரோலிக் பிரஸ் இருக்கிறது. ராம் கீழே எட்டாத இடங்களில் இடையில் வைத்து அமத்த 300 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு அலுமினியக் குழாயை நெடுநாளாகப் பாவித்தேன். வெளி விட்டம் 50, உள் விட்டம் 40. பழைய இரும்புக்கடையில் எடுத்தது, என்ன ரகம் என்று தெரியாது. 6 தொன் அளவில் அதன் வாய் விரிந்துவிட்டது.

சரி என்று அதே குழாயில் இன்னொரு துண்டு எடுத்து, உள்ளே 25 மில்லிமீற்றர் உருக்கு ரொட் ஒன்றை விட்டேன். நடுவில் நிற்க நைலோன் வளையம் இரண்டு, மேலும் கீழும் 10 மில்லிமீற்றர் இரும்புத் தட்டு. இனி ரொட் பாரத்தைத் தாங்கும், குழாய் தப்பும் என்றுதான் நினைத்தேன். திரும்பவும் அதே 6 தொன்னில் குழாயின் வாய் ஒரு பக்கமாக விரிந்திருக்கிறது. ரொட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ரொட் உள்ளே சும்மா நிற்கிறதா?

கடைச்சல்_கனகர்:
தம்பி, கணக்கு லேசு. ரொட்டின் முகப் பரப்பு கிட்டத்தட்ட 490 சதுர மில்லிமீற்றர். குழாயின் பரப்பு 700 சொச்சம். பாரம் பரப்புக்கு ஏற்றபடி பிரியும். குழாய்க்குப் பரப்புக் கூட, அதனால் பாரமும் கூட. குழாய்தான் நசியும், அதில் அதிசயம் என்ன? இன்னும் மொத்தமான ரொட் போடும்.

அறிவியல்நகர்_இரண்டாம்வருடம்:
ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இரண்டும் ஒரே பொருளாக இருந்தால்தான் பரப்பின்படி பிரியும். இங்கே ஒன்று உருக்கு, மற்றது அலுமினியம். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு சுருங்க வேண்டும். அப்படியானால் பரப்பையும், பொருளின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டையும் பெருக்கி வருவதன் விகிதத்தில்தான் பாரம் பிரியும். உருக்குக்கு 200, அலுமினியத்துக்கு 70 கிகாபஸ்கால் என்று எடுத்துப் போட்டுப் பார்த்தேன்:

```
ரொட்:    491 × 200 = 98 200
குழாய்:  707 × 70  = 49 490
ரொட்டின் பங்கு = 98 200 / 147 690 = 0.665
```

6 தொன் என்றால் ஏறக்குறைய 60 கிலோநியூட்டன். ரொட்டுக்கு 40, குழாய்க்கு 20. குழாயில் தகைப்பு 28 மெகாபஸ்கால்தான் வருகிறது. சாதாரண அலுமினிய ரகம் எதுவும் இதற்கு விரியாது. எனக்கென்றால் உங்கள் பிரஸ் கேஜில்தான் சந்தேகம். 6 என்று காட்டி 15 தொன் அமத்துகிறதோ?

சுன்னாகம்_கராஜ்:
கேஜ் பழசுதான் தங்கச்சி, ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் பிழை காட்டுமா? அந்த ஜக்கே 10 தொன் ஜக்.

நோர்வே_பெரியப்பா:
குழாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். 50 மில்லிமீற்றர் முழு உருக்கு உருளையில் 300 வெட்டி வைத்தால் பிரச்சினை முடிந்தது. எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

சுன்னாகம்_கராஜ்:
பெரியப்பா, அது நாலரைக் கிலோவுக்கு மேல் வரும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஜக் அடிக்கிற வேலை இது. இப்போது இருப்பது இரண்டு கிலோகூட இல்லை. அதோடு கழற்றுகிற வேலைகளில் 50 வெளி விட்டம் ஹப் துளைக்குள் நேராக இறங்குகிறது. எனக்கு அதுவும் வேண்டும், பாரம் குறைவாகவும் இருக்க வேண்டும்.

மாவிட்டபுரம்_பொறியியல்:
தங்கச்சியின் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பாரம் ஏற ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் ரொட்டும் குழாயும் இரண்டு தட்டுகளையும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். புத்தகத்தில் படம் போடும்போது எப்போதும் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். கராஜில் அப்படி இராது.

சுன்னாகம் தம்பி, ரொட்டை எதனால் வெட்டினீர்கள்? வெட்டியபின் இரண்டின் நீளத்தையும் அளந்தீர்களா? இரண்டையும் வெளியே எடுத்து வேணியரால் அளந்து போடுங்கள்.

சுன்னாகம்_கராஜ்:
கட்டிங் டிஸ்கால் வெட்டி கிரைண்டரில் பிசிறு எடுத்தது அண்ணை. இப்போதுதான் பெரிய வேணியர் ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். குழாய், விரியாத பக்கத்தில் 300.0. ரொட் 299.4. ரொட்டின் ஒரு முகம் சற்றுச் சரிவு, உயரமான இடத்தில்தான் 299.4 காட்டுகிறது.

0.6 மில்லிமீற்றர்தானே, அதுவா காரணம்?

மாவிட்டபுரம்_பொறியியல்:
அதேதான். இதில் நடக்கும் சுருக்கம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து 60 கிலோநியூட்டனைத் தாங்கினால் முழு 300 மில்லிமீற்றரிலும் சுருங்குவது 0.12 மில்லிமீற்றர். ஒரு கடதாசியின் தடிப்புக்குக் கொஞ்சம் கூட. குழாய் மட்டும் தனியே அதே 60ஐத் தாங்கினால்கூட 0.36தான் சுருங்கும்.

உங்கள் ரொட் 0.6 குட்டை. மேல் தட்டு ரொட்டைத் தொட வேண்டுமானால் குழாய் முதலில் 0.6 சுருங்க வேண்டும். அதற்கு என்ன பாரம் வேண்டும்?

```
P = A·E·δ / L = 49 490 × 0.6 / 300 = 99 கிலோநியூட்டன்
```

10 தொன். உங்கள் ஜக்கின் முழு வலு. 6 தொன் அமத்தியபோது ரொட் ஒரு இறாத்தல்கூடத் தாங்கவில்லை. குழாயில் வந்தது 28 அல்ல, 85 மெகாபஸ்கால். அதுவும் முகங்கள் சரியான நேராக இருந்தால்தான். வெட்டு ஒரு பக்கம் உயரமென்றால் அந்த ஓரத்தில் தகைப்பு இதைவிடப் பல மடங்கு. மென்மையான ரகமாக இருந்தால் ஓரம் அங்கேயே விரியும். நீங்கள் சொன்ன ‘ஒரு பக்கமாக’ என்பது இதோடு பொருந்துகிறது.

சுன்னாகம்_கராஜ்:
விளங்குகிறது. சுவாமி காவும்போது கொம்புக்குத் தோள் எட்டாத குள்ளன் கூடவே நடக்கிற மாதிரி.

கடைச்சல்_கனகர்:
சரி, ரொட் குட்டை என்பது ஒரு காரணம் என்று வையுங்கள். ஆனால் குட்டை என்றால் கொஞ்சமாவது தாங்காதா? 0.2 குட்டை என்றால் என்ன? நாங்கள் கடைச்சலில் 0.2ஐ ஒரு பிழை என்றே எடுப்பதில்லை, இந்த மாதிரி வேலைக்கு.

மாவிட்டபுரம்_பொறியியல்:
நல்ல கேள்வி கனகர் அண்ணை. 0.2 குட்டை என்றால் முதல் 33 கிலோநியூட்டனைக் குழாய் தனியே தாங்கும். அப்போதுதான் தட்டு ரொட்டைத் தொடும். மிச்சம் 27ஐ இருவரும் முந்தி சொன்ன விகிதத்தில் பிரிப்பார்கள், 18 ரொட்டுக்கு, 9 குழாய்க்கு. கடைசியில் குழாய் 42, ரொட் 18. பங்கு தலைகீழ்.

இப்போது மறுபக்கம். ரொட் 0.2 நீளமாக இருந்தால்? ரொட்டை 0.2 சுருக்க 65 கிலோநியூட்டன் வேண்டும். நீங்கள் போடுவது 60. குழாயை எந்தப் பாரமும் தொடாது, சும்மா சுற்றி நிற்கும். ரொட்டில் 122 மெகாபஸ்கால், அதற்கு அது ஒன்றுமே இல்லை.

ஆக, நீங்கள் பிழையாகவே எடுக்காத அந்த 0.2, ஒரு பக்கம் போனால் குழாய்க்கு 42, மறுபக்கம் போனால் பூச்சியம். இவ்வளவு கட்டையான துண்டுகளில் நீளத்தின் வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதே இரண்டும் 3 மீற்றர் நீளமாக இருந்தால் சுருக்கம் பத்து மடங்கு வரும், அப்போது 0.2 பெரிதாக ஒன்றும் செய்யாது.

பருத்தித்துறை_வீடு:
3 மீற்றர் என்றதும் கேட்கிறேன். எங்கள் வீட்டு முன் போர்ட்டிகோவில் 2 அங்குல ஜீஐ பைப் தூண்கள் நாலு. கடல் காற்றில் அடிப்பக்கம் கறள் பிடித்துவிட்டது. மேசன் சொல்கிறார், மேல் தகட்டைத் திறந்து உள்ளே 25 மில்லிமீற்றர் கம்பி ஒவ்வொன்று இறக்கினால் தூணின் பலம் இரட்டிப்பாகும் என்று. இங்கே பேசுவதைப் பார்த்தால் அது சரிதானே? இரண்டும் இரும்பு, பரப்பின்படி பிரியும். கம்பியை அளவாக வெட்டினால் போதுமா?

மாவிட்டபுரம்_பொறியியல்:
உங்களுடையது வேறு வியாதி. பத்தடித் தூண் நசிந்து போவதில்லை, வளைந்துதான் போகும். வளைவதைத் தடுப்பது பரப்பு அல்ல, அந்த இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. நடுவில் இறக்கும் 25 கம்பி, புதுப் பைப்பின் பரப்போடு எழுபத்தைந்து வீதத்துக்கு மேல் இரும்பைச் சேர்க்கும். ஆனால் வளைவுக்கு எதிரான விறைப்பில் சேர்ப்பது ஏழெட்டு வீதம்தான். மேசன் சொல்லும் இரட்டிப்பு கிடைக்காது.

அதோடு உங்கள் பிரச்சினை கறள். அடியில் சுவர் மெலிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி மாற்றுவதுதான் வழி. முதலில் கூரையைத் தாங்க ஜக் வைத்துவிட்டு. தயவுசெய்து உள்ளே கம்பி விட்டுவிட்டுக் கறளை மறந்துவிடாதீர்கள்.

பருத்தித்துறை_வீடு:
உள்ளே கொங்கிறீற் ஊற்றினால்?

மாவிட்டபுரம்_பொறியியல்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். கொங்கிறீற் வருடக்கணக்காக மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே பாரத்தை இரும்பின் தலையில் கட்டும். மெலிந்த பைப்புக்கு அது நல்ல செய்தி இல்லை.

நோர்வே_பெரியப்பா:
இங்கே ஒருவரும் பலத்தைப் பற்றிப் பேசவில்லையே. உருக்கு வலிமையானது, அலுமினியம் மெலிந்தது. கூடப் பாரம் போட்டால் அலுமினியம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும், மிச்சத்தை உருக்கு வாங்கிக்கொள்ளும். எனவே நீளம் சரியோ பிழையோ கடைசியில் உருக்கு காப்பாற்றும்.

அறிவியல்நகர்_இரண்டாம்வருடம்:
பெரியப்பா, இரண்டும் ஒரே நீளமென்றால் ஒரே விகாரம், அதாவது நீளத்தில் ஒரே பங்கு சுருக்கம். அப்போது உருக்கின் தகைப்பு அலுமினியத்தைப் போல 2.86 மடங்கு. சாதாரண மென்னுருக்கு 250 மெகாபஸ்காலில் இளகத் தொடங்கும்போது அலுமினியத்தில் 87தான் இருக்கும். 145 தாங்கும் ரகம் என்றாலும் முதலில் இளகுவது உருக்குத்தான். நான் போட்டபோது அது மொத்தம் 185 கிலோநியூட்டனில் நடக்கிறது, உங்கள் ஜக் அங்கே போகாது என்பது வேறு கதை.

மாவிட்டபுரம்_பொறியியல்:
அழகாகச் சொன்னீர்கள் தங்கச்சி. பெரியப்பா சொல்வதும் ஒரு நிலையில் நடக்கும். அலுமினியம் மிக மென்மையான ரகமாக இருந்து, ரொட் கொஞ்சமே குட்டையாக இருந்தால், குழாய் இளகி ரொட்டின் நீளத்துக்கு வந்து நிற்கும், அதன்பின் ரொட் தாங்கும். ஆனால் நீளத்தில் ஒரு மில்லிமீற்றரின் பகுதிதான் விட்டுக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. வாய் விரிந்த குழாய் ஹப் துளைக்குள் போகாது. தம்பிக்கு அதுதானே வேலை.

கடைச்சல்_கனகர்:
பேசியது போதும். துண்டை என் பட்டறைக்குக் கொண்டுவாரும் தம்பி, கொக்குவில் சந்திக்குப் பக்கம்தான். புது ரொட் வெட்டி இரண்டையும் லேத்தில் முகம் சீவித் தருகிறேன். நீளத்தை எதனால் அளப்பது? 300 பிடிக்கிற நுண்மானித் திருகுக் கணிச்சி என்னிடம் இல்லை.

மாவிட்டபுரம்_பொறியியல்:
தேவையில்லை. நீளம் 300ஆ 299ஆ என்பது எங்களுக்கு முக்கியமில்லை, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டும்தான். சமதளத் தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, டயல் கேஜை ஒன்றின் தலையில் பூச்சியமாக்கி மற்றதன் தலைக்கு நகர்த்துங்கள். 0.01 வரை தெரியும். குழாயின் விளிம்பைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், முகம் நேரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ரொட் 0.05 அளவில் நீளமாக இருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். குட்டையாக மட்டும் வேண்டாம். பிழை விடுவதென்றால் குழாய் தப்புகிற பக்கமாக விடுவோம்.

சுன்னாகம்_கராஜ்:
கனகர் அண்ணையின் பட்டறையில் நேற்று வேலை முடிந்தது. டயல் கேஜில் இரண்டும் சமம், ஊசி அசையவே இல்லை. கராஜுக்கு வந்து பிரஸ் மேசையில் நேரடியாக வைத்து அமத்திப் பார்த்தேன். 6 தொன், குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டுகளில் பூசிய மார்க்கர் மை ரொட்டிலும் ஒட்டியிருக்கிறது, குழாயின் விளிம்பிலும் முழு வட்டமாக ஒட்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று. பாரம் ஏறும்போது குழாயைக் கையால் திருகிப் பார்த்தேன். 2 தொன் வரும்வரை சும்மா சுற்றுகிறது. அதற்குப் பிறகுதான் இறுகியது. இரண்டும் சமமென்றால் முதலிலேயே இறுக வேண்டாமா?

மாவிட்டபுரம்_பொறியியல்:
அருமையான சோதனை. சுற்றுகிற குழாய் பாரம் தாங்கவில்லை. அப்படியானால் ரொட் இப்போது கொஞ்சம் உயரமாக நிற்கிறது. டயல் கேஜில் பார்த்தபோது துண்டுகள் சூடாக இருந்தனவா?

கடைச்சல்_கனகர்:
லேத்தில் இருந்து எடுத்த கையோடு பார்த்தது. குழாயைத்தான் கடைசியாகச் சீவினேன், அது கைக்குச் சூடாகத்தான் இருந்தது. பட்டறையின் தகரக் கூரையும் மத்தியான வெயிலும் சேர்ந்து வேறு.

மாவிட்டபுரம்_பொறியியல்:
அலுமினியம் உருக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 300 மில்லிமீற்றர்க் குழாய் மட்டும் ரொட்டைவிட 10 பாகை சூடாக இருந்தால் 0.07 நீளமாகக் காட்டும். அந்த நிலையில் சமம் என்று சீவினால், ஆறியதும் குழாய் குட்டை. காலையில் எல்லாம் ஒரே குளிர்ச்சியில் இருக்கும்போது திரும்ப டயல் வைத்துப் பாருங்கள்.

இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். குளிர்ச்சியில் சரியாகச் சமமாக இருக்கும் துண்டை முற்றத்து வெயிலில் கிடத்திவிட்டு எடுத்தால், இரண்டும் 20 பாகை சூடேறினாலும் குழாய் 0.066 கூடுதலாக நீண்டு நிற்கும். முதல் 11 கிலோநியூட்டன் அதன் தலையில். அதனாலும்தான் ரொட்டைக் கொஞ்சம் நீளமாக விடச் சொன்னேன்.

சுன்னாகம்_கராஜ்:
இன்று காலை 7 மணிக்குப் பார்த்தோம். ரொட் 0.03 உயரம்.

அறிவியல்நகர்_இரண்டாம்வருடம்:
0.03 என்றால் ரொட் தனியே தாங்குவது 9.8 கிலோநியூட்டன், அதாவது 1 தொன். அண்ணை 2 தொன்னில் இறுகியது என்கிறாரே. மிச்சம் 1 தொன் எங்கே போனது?

கடைச்சல்_கனகர்:
கேஜ் பொய் சொல்கிறது. முதலிலேயே நீர் சொன்னதுதானே.

மாவிட்டபுரம்_பொறியியல்:
கேஜாகவும் இருக்கலாம், தொடக்கத்தில் இவை நேராகக் காட்டுவதில்லை. எனக்கு மேல் தட்டில்தான் சந்தேகம். தம்பி, உங்கள் ராமின் முகம் எவ்வளவு அகலம்?

சுன்னாகம்_கராஜ்:
40 மில்லிமீற்றர்.

மாவிட்டபுரம்_பொறியியல்:
குழாயின் உள் விட்டமும் 40. ராம் தட்டை நடுவில்தான் அமத்துகிறது, ரொட்டுக்கு நேர் மேலே. குழாய் நிற்பது அதற்கு வெளியே. தட்டின் ஓரம் குழாயை அமத்த வேண்டுமானால் தட்டு வளையாமல் இருக்க வேண்டும். 10 மில்லிமீற்றர்த் தட்டு நூறில் சில பங்கு மில்லிமீற்றர் வளைந்தாலே போதும், ரொட் கூட வாங்கும், குழாய் பிந்தி வரும். இரண்டும் ஒரே அளவு சுருங்கும் என்று நாங்கள் போட்ட கணக்கே தட்டு விறைப்பானது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

ஆனால் நீங்கள் உண்மையில் வேலை செய்யும்போது கீழே இருப்பது மேசை அல்ல, புஷ் வளையம். அப்போது கீழ்த் தட்டின் நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. ரொட் அந்தத் தட்டைக் கீழ்நோக்கி வளைக்கும், பாரம் திரும்பவும் குழாய்ப் பக்கம் சாயும். மேல் தட்டு செய்வதற்கு நேர்மாறு. எது வெல்லும் என்பது இரண்டு தட்டுகளின் தடிப்பையும் புஷ்ஷின் விட்டத்தையும் பொறுத்தது. எனவே மேசையில் கிடைத்த முடிவை வைத்துப் புஷ் வேலைக்குத் துணிய வேண்டாம்.

நோர்வே_பெரியப்பா:
நான் முதலிலேயே முழு உருளை வைக்கச் சொன்னேன்.

கடைச்சல்_கனகர்:
தட்டு வளைகிறது என்றால் 25 மில்லிமீற்றர்த் தட்டு இரண்டு என்னிடம் கிடக்கிறது. மேலே அதைப் போட்டு அமத்திப் பாரும். 1 தொன்னிலேயே குழாய் இறுகினால் மாவிட்டபுரத்தார் சொன்னது சரி. அப்போதும் 2 தொன்னில்தான் இறுகுகிறது என்றால் கேஜை மாற்றும்.

சுன்னாகம்_கராஜ்:
சரி அண்ணை, சனிக்கிழமை வந்து எடுக்கிறேன். கீழே வைக்கவும் ஒன்று தாரும், புஷ் வைத்தும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன்.